மாத்திரையைக் கூட்டும் முன்: மனச்சோர்வுபோல் தெரியும் தூக்கக் கோளாறுகள் குறித்து மருத்துவர்கள் கேட்பவை

மனச்சோர்வு என்று வருகிறவரிடம் தூக்கத்தைப் பற்றி எல்லோரும்தான் கேட்கிறோம். அப்புறம் எங்கே தவறுகிறது?

"தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோம். "சரியில்லை டாக்டர்" என்கிறார். அதை மனச்சோர்வின் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். தவறு அங்கேதான். "சரியில்லை" என்பதற்குள் மூன்று நான்கு வேறுவேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது மணிக்கணக்குதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், தூக்கம் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? யாரும் எழுப்பாத லீவு நாளில் இதே மூன்றும் எப்படி? எழுந்ததும் தெளிவாக இருக்கிறதா, தலை கனக்கிறதா, வாய் உலர்ந்திருக்கிறதா? இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்? கடைசியாக, உடன் படுப்பவரிடமும் நான் பேசலாமா?

லீவு நாள் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விருப்பப்படி தூங்க விட்டால் ஒருவர் எட்டு மணிநேரம் தடையின்றித் தூங்கித் தெளிவாக எழுகிறார் என்றால், அவருடைய தூக்கம் கெடவில்லை, நேரம் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது. எத்தனை மணிநேரம் தூங்கினாலும் களைப்போடு எழுகிறார் என்றால், தூக்கத்துக்குள்ளேயே ஏதோ நடக்கிறது. முதலாவது உடல் கடிகாரத்தின் பக்கம் கொண்டுபோகிறது, இரண்டாவது மூச்சுத்தடையின் பக்கம்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ-9-ல் மதிப்பெண் 16 வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும், மனச்சோர்வுதானே?

மொத்தத்தை விட்டுவிட்டு, அந்த 16 எந்த வரிகளிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஒன்பது வரிகளில் தூக்கம், களைப்பு, பசி, கவனம், உடல் மந்தம் ஆகிய ஐந்தையும் தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை ஒன்றே உயர்த்திவிடும். ஆர்வமின்மை, துயர மனநிலை, தன்னைத் தாழ்வாக நினைப்பது, சாக நினைப்பது ஆகிய நான்கும் மனச்சோர்வுக்கு இன்னும் நெருக்கமானவை.

ஆர்வமின்மை, துயர மனநிலை என்ற முதல் இரண்டு வரிகளில் ஒன்றாவது 2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெரும் மனச்சோர்வு என்ற முடிவுக்கு அந்தப் படிவத்தின் விதியே இடம் தருகிறது. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் பழக்கத்தில் அது மறந்துபோகிறது.

இதை ஒரு சாய்வாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. மூச்சுத்தடை உள்ளவருக்கு உண்மையான மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கலாம், பலருக்கு இருக்கிறது. சாக நினைப்பது பற்றிய ஒன்பதாவது வரியில் எதையாவது குறித்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். தூக்க ஆய்வு முடியட்டும் என்று அதைத் தள்ளிவைக்கக் கூடாது.

ஆள் பருமன் இல்லை, குறட்டையும் இல்லை என்கிறார். மூச்சுத்தடையை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. "குறட்டை இல்லை" என்று சொல்பவர் தூங்கிக்கொண்டிருந்தவர், அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தனியாகப் படுப்பவர், கணவர் வெளிநாட்டில் இருப்பவர், ஃபேன் சத்தத்தில் எதுவும் கேட்காத வீடு என்று பல காரணங்களால் சாட்சியே இருக்காது. போனில் இரவு முழுக்க ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். குறட்டை, திடீர் மௌனம், பிறகு ஒரு பெரிய திணறல் என்ற வரிசை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்காது.

எடையை மட்டும் நம்புவதும் நம் மக்களிடம் சரிவராது. கீழ்த்தாடை சிறிதாக, பின்தள்ளி இருந்தால் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே மூச்சுப்பாதை அடைபடும். ஆசியர்களிடம் இது அதிகம். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்துத் தாடையைப் பாருங்கள். வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கு தெரிகிறதா என்று பாருங்கள். கழுத்துச் சுற்றளவையும் அளந்துவிடுங்கள். எல்லாம் இரண்டு நிமிட வேலை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாகத் தவறவிடப்படுவது அவர்கள்தான். பகலில் தூங்கி விழுகிற, பெரிதாகக் குறட்டை விடுகிற நடுவயது ஆண் என்ற படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுக்கும் மூச்சுத்தடை நன்றாகவே கூடுகிறது. ஆனால் அவர் வந்து சொல்வது வேறு: "தூக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் அசதி, எதிலும் மனசு ஒட்டவில்லை, காலையில் தலைவலி." இதைக் கேட்டு நாம் எழுதுவது எஸ்சிட்டலோப்ராமும் குளோனாசெபாமும்.

அப்படி ஒரு நோயாளியை முழுதாகச் சொல்ல முடியுமா?

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 53 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வு என்று சிகிச்சை. எஸ்சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம், இரவில் குளோனாசெபாம் 0.5. ஆறு மாதமாக முன்னேற்றம் இல்லை என்பதால் இரண்டாவது மருந்து சேர்க்கலாமா என்று கேட்டு என்னிடம் அனுப்பினார்கள்.

அவருடைய பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 16. பிரித்துப் பார்த்தால் தூக்கம் 3, களைப்பு 3, கவனம் 3, பசி 2, உடல் மந்தம் 2. ஆர்வம் 1, துயரம் 1, தாழ்வுணர்ச்சி 1, சாகும் எண்ணம் 0. ஆக, 16-ல் 13 அந்த ஐந்து வரிகளிலிருந்து வந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், அம்லோடிபின் இரண்டும் எடுத்தும் 148/94. பி.எம்.ஐ. 29. இரவில் மூன்று முறை சிறுநீர். பேரன் விளையாடும்போது பார்த்துக்கொண்டே உட்காரப் பிடிக்கும், ஆனால் உட்கார்ந்தால் கண் மூடிக்கொள்கிறது என்றார். அந்த வாக்கியம்தான் என்னை நிறுத்தியது. பேரன்மேல் ஆசை போகவில்லை, விழித்திருக்க முடியவில்லை.

தைராய்டும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தன. தைராய்டு குறைவு மனச்சோர்வையும் மூச்சுத்தடையையும் இரண்டையுமே கொண்டுவரும் என்பதால் அதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. மூச்சுத்தடைக்கான வாய்ப்பைக் கணிக்கும் ஸ்டாப்-பேங் கேள்விகளில் அவர் சொன்னதை மட்டும் வைத்தால் களைப்பு, இரத்த அழுத்தம், வயது என்று 3 வந்தது. மகளை உள்ளே அழைத்துக் கேட்டேன். "அம்மா மூச்சை நிறுத்திடுவாங்க டாக்டர், பயந்துபோய் உலுக்குவேன்" என்றார். சத்தமான குறட்டையும் உண்டு. மதிப்பெண் 5 ஆகிவிட்டது. 3 என்றால் நடுத்தர வாய்ப்பு, 5 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக வாய்ப்பு.

தூக்க ஆய்வில் மணிக்கு 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 5 வரை இயல்பு, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இரண்டாவது மருந்தை எழுதவில்லை. எஸ்சிட்டலோப்ராமைத் தொடவும் இல்லை. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவி தொடங்கினோம். முகமூடி பழகிய பிறகு குளோனாசெபாமை முதலில் 0.25 ஆக்கி, வாரக்கணக்கில் மெல்ல நிறுத்தினோம். முதல் பத்து நாள் அவர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினார். மூக்கை மட்டும் மூடும் சிறிய முகமூடிக்கு மாற்றி, ஈரப்பதம் சேர்த்த பிறகுதான் ஐந்து மணிநேரம் தாண்டியது. மூன்று மாதத்தில் மதிப்பெண் 6. துயரமும் தாழ்வுணர்ச்சியும் ஒவ்வொன்று அப்படியே இருந்தன. அது அவருடைய மனச்சோர்வின் மீதி, அதற்குத்தான் எஸ்சிட்டலோப்ராம் தொடர்ந்தது.

வீட்டிலேயே செய்யும் தூக்க ஆய்வு போதுமா? அது இயல்பு என்று வந்தால் முடிந்ததா?

சந்தேகம் வலுவாக இருந்து, இதயம் நுரையீரல் கோளாறுகள் இல்லையென்றால் வீட்டு ஆய்வு போதும். ஆனால் பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலைகளைப் பதிவதில்லை. ஆக்சிஜன் இறங்காமல், மூச்சு நெருக்கடியால் விழிப்பு மட்டும் வரும் தடைகளை அவை எண்ணுவதில்லை. படுக்கையில் விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கமென்று கணக்கில் சேர்ப்பதால் மணிக்கணக்கு விகிதம் குறைந்து தெரியும். தூக்கம் வராமல் புரளும் பெண்களிடம் இந்த இரண்டு பிழையும் ஒன்றாகச் சேர்கின்றன. எனவே முடிவு இயல்பு என்று வந்தும் கதை பொருந்துகிறது என்றால், ஆய்வகத்தில் முழு இரவு ஆய்வுக்கு அனுப்புங்கள்.

சிபாப் போட்டால் மனச்சோர்வு போய்விடுமா? அதற்கு ஆதாரம் இருக்கிறதா?

2016-ல் வெளிவந்த சேவ் ஆய்வில், இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோயும் மூச்சுத்தடையும் சேர்ந்திருந்த சுமார் 2,700 பேர் இருந்தார்கள். சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. ஆனால் பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டன. அதுவும் சராசரியாக இரவுக்கு 3.3 மணிநேரம் மட்டுமே பயன்படுத்திய நிலையில். இவர்கள் மனச்சோர்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே நோயாளியிடம் "இது மனச்சோர்வே இல்லை, கருவி போட்டால் சரியாகும்" என்று சொல்லாதீர்கள். மாத்திரையைத் தானே நிறுத்திவிடுவார், பிறகு சரிகிறபோது நம்மை நம்ப மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் நினைவட்டையில் பயன்பாட்டு மணிகள் பதிந்திருக்கும், அதைப் பார்த்தே பேசுங்கள். இரவுக்கு நான்கு மணிநேரமாவது, பத்தில் ஏழு நாளாவது என்பது வழக்கமான குறைந்தபட்ச அளவு. அதை எட்டாமல் "சிபாப் கொடுத்தும் பலனில்லை" என்று எழுதக் கூடாது.

தூக்கத்துக்கு நாம் கொடுக்கும் மாத்திரைகளே கெடுக்குமா?

சில கெடுக்கும். குளோனாசெபாம் போன்றவை தொண்டைத் தசைகளைத் தளர்த்துகின்றன, மூச்சு நின்றதும் விழிக்கவைக்கும் எச்சரிக்கையையும் மழுங்கடிக்கின்றன. மதுவும் அப்படித்தான். நோயாளி "நல்லா தூங்கினேன்" என்பார், ஆக்சிஜன் இன்னும் கீழே போயிருக்கும். ஒலன்சபின், க்வெட்டியபின், மிர்டசபின் ஆகியவை எடையைக் கூட்டி, சில மாதங்களில் மூச்சுத்தடையை வளர்க்கலாம். மனச்சோர்வுக்குக் கூடுதலாக எழுதப்படும் மருந்துகளில் இவை அடிக்கடி வருவதால்தான், எழுதுவதற்கு முன் குறட்டையைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். மிர்டசபினுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கால் குறுகுறுப்பைத் தூண்டி, தூங்கப் போகும் நேரத்தில் காலை அசைத்துக்கொண்டே இருக்க வைக்கும். மருந்து தொடங்கிய பிறகு தூக்கம் கெட்டது என்றால் அதையும் கேளுங்கள், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள்.

கல்லூரி மாணவன். இரவெல்லாம் போன், காலையில் எழுவதே இல்லை, வகுப்புக்குப் போவதில்லை. சோம்பேறித்தனமா, மனச்சோர்வா, கடிகாரக் கோளாறா?

முதல் சொல்லை விட்டுவிடலாம். பெற்றோர் அதை ஏற்கனவே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள்.

தாமதக் கடிகாரம் மனச்சோர்வை ஏமாற்றும் அளவுக்கு ஒத்துப்போகும். ஆழ்ந்த மனச்சோர்வில் காலையில் மோசமாகவும் மாலையில் சற்று நலமாகவும் இருக்கும் என்று படித்திருக்கிறோம். தாமதக் கடிகாரம் உள்ளவரும் அப்படியேதான் சொல்வார்: காலையில் உயிரற்ற மாதிரி, இரவு பத்து மணிக்குச் சுறுசுறுப்பு. வித்தியாசம் விடியற்காலையில் தெரியும். ஆழ்ந்த மனச்சோர்வுள்ளவர் நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பார். இவர் நான்கு மணிக்குத்தான் தூங்குகிறார், ஒன்பது மணிக்கு உலுக்கினாலும் எழ மாட்டார்.

உறுதிசெய்ய இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேடு வேண்டும், அதில் லீவு நாட்களும் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இப்படியே இருந்திருக்க வேண்டும். போன் இல்லாத ஊருக்கு, தாத்தா வீட்டுக்குப் போனபோது எப்படி என்று கேளுங்கள். அங்கேயும் இரண்டு மணி வரை விழித்துக் கிடந்தான் என்றால் போன் மட்டும் காரணமல்ல, தூக்கம் வராததால் போனை எடுத்திருக்கிறான். அங்கே போன மறுநாளே பத்து மணிக்குத் தூங்கினான் என்றால் கடிகாரம் நன்றாக இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே வருகிறது. தினமும் தோற்று, திட்டு வாங்கி, வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போனால் வராமல் என்ன செய்யும்? இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

ஆறு மணிக்கு எழுப்பி வெயிலில் நிற்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு இது, நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பொறுத்ததல்ல, உடலின் கடிகாரத்தைப் பொறுத்தது. உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் புள்ளி, தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மணிநேரம் முன் வரும். அந்தப் புள்ளிக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே கொண்டுவரும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளும்.

உங்கள் மாணவன் நான்கு மணிக்குத் தூங்கி, விட்டால் பன்னிரண்டு மணிக்கு எழுபவன் என்றால் அவனுடைய புள்ளி ஒன்பது, பத்து மணிவாக்கில் இருக்கும். ஆறு மணி வெயில் அவன் உடலுக்கு நள்ளிரவில் விளக்குப் போட்டது போல. தாமதம் கூடத்தான் செய்யும்.

சரியான தொடக்கம் அவன் இப்போது எழும் நேரத்திலிருந்துதான். முதல் இரண்டு நாள் பதினொன்றரைக்கு எழுந்து, உடனே மொட்டை மாடியிலோ திண்ணையிலோ அரை மணி முதல் ஒரு மணிநேரம் இருக்க வேண்டும். நிழலில் உட்கார்ந்தாலும் போதும். அறைக்குள் ட்யூப்லைட் தருவது சில நூறு லக்ஸ், வெளியே நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் ஊரில் வெளிச்சப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணிநேரம் முன்னே நகர்த்துங்கள். பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு வரப் பத்துப் படிகள், ஏறத்தாழ மூன்று வாரம். ஆகவே செமஸ்டர் லீவில் தொடங்குவது நல்லது. எழும் நேரம் முன்னே வரும்போது படுக்கும் நேரமும் தானே இழுபடும். அதற்கு இரண்டு மணிநேரம் முன்பிருந்து அறை விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மெலட்டோனின் எவ்வளவு, எப்போது?

எப்போது என்பதுதான் முக்கியம். தூக்கம் வராதபோது மூன்று மணிக்கு எடுத்துப் பயனில்லை. கடிகாரத்தை நகர்த்த, இப்போது தூங்கும் நேரத்துக்கு நான்கைந்து மணிநேரம் முன் கொடுக்க வேண்டும். நான்கு மணிக்குத் தூங்குபவனுக்கு இரவு பதினொன்று, பன்னிரண்டு. தூக்கம் முன்னே வர வர மாத்திரை நேரமும் முன்னே வரட்டும்.

அளவு 0.5 மில்லிகிராமே போதும். 2018-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் அந்த அளவையே, விரும்பிய படுக்கை நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன், குறித்த நேரத்தில் படுக்கும் கட்டுப்பாட்டோடு நான்கு வாரம் கொடுத்தார்கள். தூக்கம் தொடங்குவது போலி மாத்திரையைவிட அரை மணிநேரத்துக்குச் சற்று மேல் முன்னே வந்தது. நம் கடைகளில் 3, 5, 10 மில்லிகிராம்தான் எளிதில் கிடைக்கிறது. மெதுவாகக் கரையும் வகையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதிக அளவும் நீண்ட நேரம் இரத்தத்தில் நிற்பதும் காலைவரை நீண்டு, கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளக்கூடும்.

இருமுனைக் கோளாறு இருந்தால்?

தொடங்குமுன் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. இளம் வயதில் தாமதத் தூக்கத்தோடு வரும் மனச்சோர்வில் சிலருக்குப் பின்னால் இருமுனைக் கோளாறு வெளிப்படும். காலை வெளிச்சமும் தூக்கக் குறைவும் எழுச்சி நிலையைத் தூண்டலாம். குறைந்த தூக்கத்தோடும் களைப்பே இல்லாமல் நாட்கணக்கில் இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் மனநிலைச் சமநிலை மருந்து முதலில், குறைந்த நேரமே வெளிச்சம், வாரம் ஒருமுறை பார்வை. தூக்கத் தேவை திடீரெனக் குறைந்தால் அன்றே வெளிச்சத்தை நிறுத்தச் சொல்லி வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

சென்னையில் அமெரிக்க ஷிஃப்டில் வேலை செய்பவர். இவருக்கும் இதே திட்டமா?

இல்லை. அவருடைய கடிகாரம் கெடவில்லை, வேலை நேரம் அதோடு மோதுகிறது. லீவில் சில நாட்களிலேயே இயல்பான நேரத்துக்குத் திரும்புகிறார் என்றால் அது ஷிஃப்ட் கோளாறு. காலையில் வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, இருட்டறையில் தூக்கம், வார இறுதியிலும் முழுதாக மாறாமல் பாதி வழியில் நிற்பது என்று திட்டம் வேறாகிறது. அவர் வண்டி ஓட்டித் திரும்புகிறாரா என்று கேளுங்கள். சிக்னலில் நிற்கும்போது கண் மூடியிருக்கிறது என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூச்சுத்தடைக்கும் பரிசோதியுங்கள்.